கேஸ் வாடை வந்தால் போனில் என்ன சொல்ல வேண்டும்?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நம்ம கூட்டமைப்புல கடன் வாங்கி இட்லிக்கடை, புரோட்டாக்கடை, மெஸ் நடத்துறவங்க நிறையப் பேர் இருக்கோம். அதனால கேஸ் கசிவு பற்றிப் பேசச் சொன்னாங்க. கசிவை எப்படி நிறுத்துறதுன்னு பல இடத்துல சொல்லிக் கொடுக்கிறாங்க. கசிஞ்சா யாருக்கு, என்ன சொல்லணும்கிறதை அவ்வளவாச் சொல்றதில்லை. நான் அதை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

முதலில் சீனாவில் நடந்த ஒன்று. 2023 ஜூன் 21-ம் தேதி, யின்சுவான் என்கிற ஊரில் கறி சுட்டு விற்கிற ஓட்டல் ஒன்று ராத்திரி எட்டே முக்கால் வாக்கில் வெடித்தது. 31 பேர் இறந்து போனார்கள். வெடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாடியே அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கேஸ் வாடை தெரிந்துவிட்டது. சிலிண்டர் வால்வு கெட்டுப் போனதையும் கண்டுபிடித்தார்கள். புது வால்வு வாங்கி வந்து மாட்டும்போதுதான் வெடித்தது. யோசித்துப் பாருங்க, ஒரு மணி நேரம் கையில் இருந்தது. அந்த நேரத்தில் கடையைக் காலி பண்ணி, எல்லாரையும் வெளியே அனுப்பியிருந்தால் அத்தனை உயிர் போயிருக்காது. கசிவு தெரிந்தும் அது அடுப்படியைத் தாண்டிச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் காதுக்குப் போகவில்லை.

அது சீனா என்று விட்டுவிட முடியாது. அதே வருஷம் ஜூலை 29-ம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பக்கத்து ஓட்டல் கேஸ் கசிவுதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள், அப்புறம் அதற்கு மாற்றுக் கருத்தும் வந்தது. காரணம் எதுவாக இருந்தாலும் ஓட்டலும் பட்டாசும் ஒரே சுவரில் இருந்தன. நம்ம சிவகாசிப் பக்கம் ரோட்டோரம் பாருங்க. ஒரு பட்டாசுக் கடை, ஒரு டீக்கடை, ஒரு இட்லிக்கடை என்று வரிசையாக இருக்கும். அதனால் நம்ம கடையில் கசிந்தால் அது நம்ம கடை விஷயம் மட்டும் இல்லை.

இப்போ எங்க குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்க குழு அக்கா ஒருத்தர் ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருக்கிறார். பட்டாசு ஆபீஸுக்கு வேன் ஏறுகிறவர்கள் காலையில் அங்கேதான் பார்சல் வாங்குவார்கள். நான் தினம் அவருக்குக் கூட மாட ஒத்தாசைக்குப் போவேன். ஒரு நாள் காலை 5.35 மணிக்கு முன் ஷட்டரில் சாவி போடப் போனோம். ஷட்டருக்குக் கீழே இருக்கிற சந்து வழியாகக் கேஸ் வாடை குப்பென்று வந்தது.

அழுகின முட்டைக்கோஸ் மாதிரி வாடை என்பார்கள். கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு நமக்குத் தெரியணும் என்பதற்காகவே மெர்காப்டன் என்கிற மருந்தைக் கலக்கிறார்கள். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் சேர்ந்தாலே தீப்பிடிக்கிற அளவுக்கு வந்துவிடும். அந்த அளவை எட்டுவதற்கு ரொம்ப முன்னாடியே மூக்குக்கு எட்ட வேண்டும் என்கிற கணக்கில்தான் அதைக் கலக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படுத்திருக்கும், குழியிலும் சாக்கடையிலும் போய் இறங்கும். அதனால்தான் ஷட்டருக்குக் கீழே வாடை வந்தது.

இன்னொன்று கவனிக்கணும். ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் மூக்கு பழகிப் போகும், வாடை குறைந்த மாதிரி தோன்றும். ஆனால் கேஸ் அங்கேயேதான் இருக்கும். அதனால் "இப்போ வாடை இல்லை" என்பதை நம்பக் கூடாது. முதல் முதலாக எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வந்தது என்பதைத்தான் மனசில் வைத்துக்கொள்ளணும்.

நாங்கள் ஷட்டரைத் தூக்கவில்லை. இரும்போடு இரும்பு உரசினால் பொறி வரலாம். ஷட்டருக்குப் பக்கத்தில் இருந்த லைட் சுவிட்சையும் தொடவில்லை. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சின்னப் பொறி வரும். பின்பக்கமாகச் சுற்றிப் போனோம். அந்தக் கடையில் சிலிண்டர் பின்வாசலுக்கு வெளியே கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது, டியூப் மட்டும் சுவர் வழியாக உள்ளே போகிறது. 5.38-க்கு அக்கா ரெகுலேட்டரை மூடினார். அதைக் கழற்றி எடுத்துவிட்டு, நூலில் தொங்குகிற பிளாஸ்டிக் மூடியைச் சிலிண்டர் வாயில் அழுத்தி மாட்டினார். மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே கால் வைக்காமல் ரெண்டு பேரும் விலகிவிட்டோம். சிலிண்டர் வெளியே இருந்ததால்தான் அதை மூட முடிந்தது. உங்க சிலிண்டர் அடுப்படிக்குள் இருந்து, வாசலிலேயே வாடை பலமாக அடித்தால், மூடுவதற்கென்று உள்ளே போகாதீங்க. "மூடவில்லை, உள்ளே கசிந்துகொண்டிருக்கிறது" என்று போனில் சொன்னால் போதும்.

இனி யாருக்குச் சொல்வது? முதல் ஆள் போனில் இல்லை, பக்கத்தில்தான் இருந்தார். வலது பக்கத்து டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய், "அண்ணாச்சி, கேஸ் கசியுது, அடுப்பை அணைச்சிட்டு ஆளுங்களோட அந்தப் பக்கம் போங்க. வண்டியை இங்க ஸ்டார்ட் பண்ண வேண்டாம், தள்ளிக்கிட்டே போங்க"ன்னு சொன்னார். எரிகிற நெருப்பு எங்கே இருக்கோ அங்கேதான் முதலில் சொல்லணும்.

நான் ரோட்டைத் தாண்டி, நல்லாத் தள்ளிப் போய் நின்றுகொண்டு 101-க்குப் போன் பண்ணினேன். போனைக் கேஸ் இருக்கிற இடத்தில் எடுக்கவே கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்:

"இட்லிக்கடையில கேஸ் கசிவுங்க. தீப்பிடிக்கலை. 5.35-க்கு முன் ஷட்டருக்குக் கீழ பலமா வாடை வந்துச்சு, ராத்திரி பூரா கசிஞ்சிருக்கலாம். 5.38-க்கு வெளியில இருக்கிற சிலிண்டரை மூடியாச்சு, ஒரே சிலிண்டர்தான். ஆனா உள்ள கேஸ் நிக்குது, பின்கதவு மட்டும் திறந்திருக்கு. உள்ள ஃபிரிட்ஜ் ஓடுது, கரண்ட் இருக்கு. இடது பக்கம் பட்டாசுக் கடை, பூட்டியிருக்கு, சரக்கு இருக்கு. உள்ள ஆள் யாரும் இல்லை. டீக்கடைக்குச் சொல்லியாச்சு. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறேன், வண்டி வந்தா கையைக் காட்டுறேன்."

இதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வேலை இருக்கிறது. நேரத்தைச் சொன்னால் எவ்வளவு கேஸ் சேர்ந்திருக்கும் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். மூடியாச்சா இல்லையா என்று சொன்னால், இன்னும் ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். ஃபிரிட்ஜைச் சொன்னதற்குக் காரணம், அது யாரும் தொடாமலே நின்று நின்று தானாக ஓடும், அப்போதும் பொறி வரும். பட்டாசுக் கடையைச் சொன்னதால் என்ன ஏற்பாட்டோடு வரணும், எங்கே நிறுத்தணும் என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே புரிந்தது. "சீக்கிரம் வாங்க, பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் இதில் எதுவுமே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து 1906. இது கேஸ் கசிவுக்காகவே 2016-ல் இருந்து இருக்கிற அவசர நம்பர், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். அதிலும் இதையேதான் சொன்னேன். மூன்றாவதாகப் பட்டாசுக் கடைக்காரருக்கு, அவர் போர்டில் இருந்த நம்பரில் சொன்னேன். கடையைத் திறக்க வராதீங்க, தீயணைப்பு வண்டி வரட்டும் என்றேன்.

தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் கம்பத்தில் கரண்டை நிறுத்தச் சொல்லி ஏற்பாடு செய்தார்கள். அப்புறம்தான் முன்பக்கத்தைத் திறந்து காற்றோட விட்டார்கள். எட்டேகாலுக்கு மெக்கானிக் வந்து டியூப் பூராவும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் ரெண்டு இடத்தில் குமிழி வந்தது. எலி கடித்திருந்தது. ராத்திரி வேலை முடித்தவர் அடுப்புக் குமிழை மட்டும் மூடிவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தபடி விட்டுப் போயிருக்கிறார். ரெகுலேட்டர் மூடியிருந்தால் எலி கடித்த டியூப்பில் கசிய கேஸே இருந்திருக்காது.

அன்றைக்கே அக்கா நடந்ததை நேரத்தோடு ஒரு பேப்பரில் எழுதி, கேஸ் ஏஜென்சியில் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார். அந்த நகல் எங்க குழுத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது. டியூப் மாற்றச் சொல்லிக் கேட்பதற்கும், நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் காட்டுவதற்கும் அது ஆதாரம்.

கடைசியாக ஒரு விஷயம், யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். கடையில் வைக்க வேண்டியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். ஆனால் விலை கட்டாது என்று 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கசிவு வந்தால் போன் பண்ணக் கை வராது. சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அபராதம் போடுவார்கள் என்று பயந்து, தாங்களே ஒட்டுப் போட்டு ஒப்பேத்தப் பார்ப்பார்கள். நம்ம ஊரில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைப்பது விதிக்கு விரோதம்தான். அது வெடித்துப் பொருள் சேதமானால் இன்சூரன்ஸ் கேட்டு நிற்பதும் கஷ்டம், ஏனென்றால் அது பதிவான வீட்டு விலாசத்துக்குத்தான். வணிகச் சிலிண்டருக்கு முன்பணம் இல்லை என்றால் குழுவில் உள்கடன் கேளுங்க, அதற்குத்தான் சேமிப்பு. ஆனால் கசிந்துகொண்டிருக்கிற நேரத்தில், எந்தச் சிலிண்டராக இருந்தாலும், போனை எடுங்க. சிலிண்டர் பறிபோனால் திரும்ப வாங்கிக்கலாம்.

இன்றைக்குக் கடைக்குப் போனதும் ஒரு அட்டையில் 101, 1906 ரெண்டையும் எழுதுங்க. அதற்குக் கீழே இதையும் எழுதுங்க: எத்தனை மணிக்கு, எங்கே வாடை, மூடியாச்சா, உள்ளே ஆள் உண்டா, கரண்ட் ஓடுதா, பக்கத்தில் என்ன கடை, யாருக்குச் சொல்லியாச்சு. அடுப்படிச் சுவரில் ஒட்டாதீங்க, அங்கே போய்ப் படிக்க முடியாது. கடைக்கு வெளியே, ஆள் நிற்கிற இடத்தில் ஒட்டுங்க. பக்கத்துக் கடைக்காரர் போன் நம்பரையும் அதிலேயே எழுதிவிடுங்க.