இருமொழி அவையில் எம்மொழி எங்கே?



சென்ற ஆண்டுத் திருப்பணிக் கூட்டத்தில் என் தமிழுரையை வரிக்கு வரி ஆங்கிலத்திலும் சொன்னேன். பத்து நிமிட உரை இருபதாயிற்று. தமிழின்போது இளைஞர்கள் தம்முள் பேசினர். ஆங்கிலத்தின்போது பெரியோர் எழுந்து சென்றனர்.

இவ்வாண்டு உரையைப் பகுத்துக்கொண்டேன். நன்றியுரையும் ஆலய வரலாறும் தமிழில். இளைஞர் தொடர்வதற்காக, முன்னதாக ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். கட்டட அனுமதி, வரைபட விவரங்கள் ஆங்கிலத்தில்; இறுதியில் தமிழ்ச் சுருக்கம். “திருப்பணி” என்பதை ஆங்கிலப் பகுதியிலும் மாற்றாமல், ஒருமுறை விளக்கினேன். “பழுதுபார்ப்பு” என்றால் வழிபாட்டுப் பொருள் மறைந்துவிடும்.

நன்கொடை வேண்டுகோளை மட்டும் இரு மொழியிலும் முழுமையாக உரைத்தேன். அதற்கு இசைய வேண்டியவர் அனைவருமன்றோ? பின்னர் இரு மொழியிலும் வினாக்கள் எழுந்தன. பகுப்பு பயனளித்ததை அதனாலேயே அறிந்தேன்.