“சப்ஜெக்ட்ஸ் ஹேண்டில்டு” வரிக்கு அப்புறம் என்ன? ஒரு லெக்சரர் ப்ரொஃபைலைத் திருத்தின கதை

இந்த எபிசோடுல கோடிங் கொஞ்சம்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, சித்தி பொண்ணு, எனக்கு அக்கா, ஒரு ஃபைலை நீட்டி “தம்பி, இதைக் கொஞ்சம் அழகா டைப் பண்ணிக் குடு”ன்னாங்க. சிவகாசி பக்கம் ஒரு கல்லூரியில ஏழு வருஷமா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறாங்க. பக்கத்துல ஒரு அரசு உதவிபெறும் கல்லூரியில போஸ்டிங் வந்திருந்தது. அதுக்கு முன்னாடி ஒரு இன்டர்வியூ போய், “என்ன சொல்லிக் கொடுத்திருக்கீங்க?”ன்னு கேட்டதுக்கு பதினாலு பாடப் பேரை மூச்சு விடாம ஒப்பிச்சிட்டு வந்திருக்காங்க. அடுத்த கேள்வியே வரலையாம்.

ஃபைலைத் திறந்தா அதே பதினாலு பேர், கமா போட்டு ஒரே வரியில. அதுக்குக் கீழ “நாற்பதுக்கும் மேற்பட்ட ப்ராஜெக்ட்களுக்கு வழிகாட்டியுள்ளேன்”. கடைசியா “மாணவர் மையக் கற்பித்தல் முறையைப் பின்பற்றுகிறேன்”. அவ்வளவுதான்.

முதல்ல மார்க் கணக்கைப் பார்ப்போம். யுஜிசி 2018 விதிகள்ல கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு ஆட்களை இன்டர்வியூவுக்கு வடிகட்ட ஒரு அட்டவணை இருக்கு. அதுல கற்பித்தல் அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 மார்க், அதிகபட்சம் 10. அதாவது அஞ்சு வருஷத்தோட முடிஞ்சுது. அக்காவோட ஏழு வருஷமும் இன்னொருத்தரோட அஞ்சு வருஷமும் அங்க ஒண்ணுதான். எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்கங்கிறதுக்கு அந்த அட்டவணையில ஒரு மார்க்கும் கிடையாது.

ஆனா அதே விதி இன்னொண்ணும் சொல்லுது: அந்த மார்க் இன்டர்வியூவுக்குக் கூப்பிட மட்டும்தான், தேர்வு இன்டர்வியூவை வச்சுத்தான். அதனால ப்ரொஃபைலுக்கு ரெண்டு வேலை. சேர்ந்த தேதி, விலகின தேதியோட அனுபவச் சான்றிதழ் சரியா இருக்கணும். ஒரு வருஷத்துக்குக் குறைஞ்ச காலத்துக்கு மார்க்கும் அந்த விகிதத்துல குறையும். அடுத்து, உள்ளே உட்கார்ந்திருக்கிற பேனல் கையில நல்ல கேள்வியைக் கொடுக்கிற மாதிரி எழுதணும். நாங்க ரெண்டு நாள் உட்கார்ந்தது இந்த ரெண்டாவது வேலைக்குத்தான்.

எடுத்த பாடங்கள்

பதினாலுல மூணை மட்டும் மேல கொண்டு வந்தோம். மீதியை ஒரே வரியில கீழ தள்ளினோம். மேல இருக்கிறதுல ஒண்ணு இப்படி ஆச்சு: “டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. தியரியும் லேபும். ஆறு முறை எடுத்தது. வகுப்புக்குச் சுமார் 50 பேர். லேப் பயிற்சித் தாள்கள் நானே தயாரித்தவை.”

இங்க அக்கா ஒரு வரி சேர்க்கப் பார்த்தாங்க: “பாடத்திட்டம் வடிவமைத்தேன்”. நான் கேட்டேன், “அக்கா, உங்க காலேஜ் தன்னாட்சியா?” இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரி. சிலபஸ் அங்கிருந்து வருது. பாடத்திட்டக் குழுவுலயும் இவங்க இல்லை. பேனல்ல இருக்கிறவங்களுக்கு இது அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் மத்த வரிகளையும் நம்ப மாட்டாங்க. பயிற்சித் தாள் தயாரிச்சது உண்மை, அது போதும்.

வழிகாட்டின மாணவர்கள்

நாற்பது ப்ராஜெக்ட்னு இருந்ததை எண்ணிப் பார்த்தா நாற்பது மாணவர்கள். மூணு நாலு பேர் சேர்ந்த டீம்கள், மொத்தம் பதினொண்ணு. அப்படியே எழுதினோம். கூடவே ஒரே ஒரு ப்ராஜெக்டை விரிச்சோம்.

ஒரு டீம், சொந்தக்காரங்க பட்டாசுக் கடைக்கு இருப்புக் கணக்கு புரோகிராம் எழுதியிருக்காங்க. பசங்க டேபிள்ல பெட்டி எண்ணிக்கைன்னு ஒரு காலம் வச்சிருந்தாங்க. அக்கா ஒரு கேள்வி கேட்டிருக்காங்க: “கடை லைசென்ஸ்ல எவ்வளவு வச்சுக்கலாம்னு பெட்டியில போட்டிருக்கா, கிலோவுலயா?” கிலோவுல. ஒவ்வொரு பெட்டிக்கும் எடை வேற. டேபிளையே மாத்தி, எடை லைசென்ஸ் அளவை நெருங்கும்போது எச்சரிக்கை வர்ற மாதிரி பசங்க மறுபடி எழுதியிருக்காங்க.

இதுல கோடு எழுதினது பசங்க. கேள்வி கேட்டது அக்கா. ப்ரொஃபைல்ல அந்தக் கோடு தெளிவா இருக்கணும். “உருவாக்கினேன்”னு எழுதினா அது மாணவர் வேலையைத் திருடுறது. “வழிகாட்டினேன்”னு மட்டும் எழுதினா ஒண்ணுமே தெரியாது. மாணவர் பேர் எதையும் போடலை. பிஎச்.டி. வழிகாட்டுதல் இவங்களுக்கு இல்லை. அந்தத் தலைப்பையே எடுத்துட்டோம்.

எப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன்

இதுதான் கஷ்டமான பகுதி. “மாணவர் மையம்”ங்கிற வார்த்தையை அழிச்சிட்டு, “உங்க கிளாஸ்ல பசங்க எங்க மாட்டுவாங்க?”ன்னு கேட்டேன். யோசிக்காம சொன்னாங்க: “லிங்க்டு லிஸ்ட்ல முதல் நோடை டெலீட் பண்ற இடம். புரோகிராமை மனப்பாடம் பண்ணி வந்து எழுதிடுவாங்க. நான் ரெண்டு வரியை இடம் மாத்திக் கொடுத்தா, தப்புன்னே தெரியாது.”

அவங்க கொடுக்கிற கேள்வி இது (படிக்கிறவங்களுக்காக):

```c
free(head);
head = head->next;
```

விடுவிச்ச இடத்தையே அடுத்த வரியில படிக்குது. வில்லங்கம் என்னன்னா, லேப் கம்ப்யூட்டர்ல சில நேரம் இது சரியான அவுட்புட்டையே காட்டும். பசங்க “மேடம், வருதே!”ம்பாங்க. அதனால அக்கா லேபுக்கு முன்னாடி ஒரு பீரியட் கம்ப்யூட்டரே இல்லாம பேப்பர்ல கட்டம் போடச் சொல்றாங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கற்பனை முகவரி. ஒரு வரி ஓடினதும் எந்தக் கட்டத்தை அடிக்கணும், அம்புக்குறி எங்க மாறணும்னு கையால எழுதணும். இந்த ரெண்டு வரியை அப்படி ஓட்டினா, அடிச்ச கட்டத்துக்குள்ளயே முகவரி தேட வேண்டியிருக்கும். அங்க பிடிபட்டுடும்.

பலன் இருந்துச்சான்னு கேட்டேன். பழைய மார்க் நோட்டை எடுத்தாங்க. பேப்பர் முறைக்கு முந்தின வருஷம் இதே கேள்விக்கு 52 பேர்ல 14 பேர் காரணம் எழுதியிருந்தாங்க. அடுத்த வருஷம் 49 பேர்ல 31. வேற வேற பேட்ச், அதனால இதை நிரூபணம்னு சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தையும் சேர்த்தே எழுதினோம். மீதி 18 பேருக்கு என்ன பண்ணாங்கங்கிறதுக்கும் ஒரு வரி: மறுபடி அதே பேப்பர், ஆனா ரெண்டு ரெண்டு பேரா.

மாணவர் ஃபீட்பேக் 4.6னு ஒரு எண்ணும் இருந்தது. எத்தனை பேர் போட்டாங்கன்னு கல்லூரியில பதிவு இல்லை. எடுத்துட்டோம்.

கடைசியில ரெண்டு பக்கம். ஒவ்வொரு வரியையும் ஒரே சோதனைக்கு வச்சோம்: இதைப் படிச்சிட்டு “எப்படி?”ன்னு கேட்டா, அக்காவால மூணு நிமிஷம் பேச முடியுமா? முடியலைன்னா அந்த வரி வேண்டாம்.

இன்டர்வியூ முடிஞ்சு பஸ்ஸுல இருந்து போன் பண்ணாங்க. பதினாலு பாடத்தைப் பத்தி யாருமே கேட்கலையாம். “அந்த பதினெட்டு பேருல எத்தனை பேருக்கு அப்புறமாவது புரிஞ்சுது?”ன்னு ஒரு மேடம் கேட்டிருக்காங்க. அக்கா மார்க் நோட்டையே கையில கொண்டு போயிருந்தாங்க. பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “பத்து பேருக்கு, மேடம். எட்டு பேருக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கலை”ன்னு சொல்லியிருக்காங்க.

ரிசல்ட் இன்னும் வரலை. வந்தா சொல்றேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.