கிரியேற்றினும் சைவ இளைஞரும்

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



எங்கள் கொம்பனித்தெருவில் வசிக்கும் ஓர் இளைஞருக்கு நேர்ந்ததைச் சொல்லி, அதன் வழியே இன்றைய பொருளுக்குள் புகுவோம். அவருக்கு வயது 24. முட்டையும் உண்ணாத சைவர். வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போய்ப் பாரம் தூக்குபவர். கிரியேற்றின் மொனோஹைட்றேற் என்னும் வெள்ளை மாவை நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் இரண்டு மாதம் உட்கொண்டார். பின்பு வேலைத்தலத்தில் கேட்டதற்காக இரத்தப் பரிசோதனை செய்தார். முன்பு 0.9 ஆக இருந்த கிரியேற்றினின் 1.3 என்று வந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 122 இலிருந்து 79க்கு இறங்கியதாக அறிக்கை கூறிற்று. "மச்சான், கிட்னி போச்சு" என்றனர் நண்பர். தாயார் அழுதார். "மாமிசத்தில் செய்த மாவைத் தின்றாய், அதுதான்" என்றார் பாட்டியார்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது மாமிசமா? இது சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

முதற் கேள்விக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 1832 இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரெல் இப்பொருளை இறைச்சியிலிருந்தே முதன்முதலிற் பிரித்தெடுத்தார். பெயரும் இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. ஆயினும் இன்று கடையில் விற்கும் மாவு, சார்கோசீன், சயனமைட் என்னும் இரு இரசாயனப் பொருள்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் ஆக்கப்படுவது. அதில் விலங்குப் பொருள் இல்லை. ஆனால் மாவை உறையிலிட்டு விற்கும்போது அந்த உறை ஜெலற்றினாக இருக்கலாம். ஜெலற்றின் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து வருவது. ஆகவே சைவர் உறையைத் தவிர்த்து மாவாகவே வாங்குவது நன்று.

இனி, தசைக்குள் இது செய்யும் வேலையைப் பார்ப்போம். தசை சுருங்குவதற்கு ஏ.ரி.பி. என்னும் பொருள் செலவாகிறது. அது கையிலுள்ள சில்லறைக் காசு போன்றது. முழு மூச்சாகப் பாரம் தூக்கினால் இரண்டொரு விநாடியில் தீர்ந்துவிடக்கூடிய அளவே இருக்கும். அப்பொழுது கைமாற்றுக் கொடுக்கும் அயலவன் போல வருவது பொஸ்போகிரியேற்றின். அது தன்னிடமுள்ள பொஸ்பேற்றை உடனே கொடுத்து, செலவான ஏ.ரி.பி.யைத் திரும்ப உண்டாக்குகிறது. இந்த உதவி ஏறக்குறையப் பத்து விநாடிக்குப் போதும். பின்பு நாம் ஓய்ந்திருக்கும் சில நிமிடங்களில் கடன் அடைபட்டுவிடுகிறது. ஆகவே மாவினால் பலன் பெறுவது குறுகிய, கடும் முயற்சி. எட்டாவது தடவையோடு கை விழுந்தவர் ஒன்பதாவதையும் தூக்குவார். தசையை வளர்ப்பது அந்த மேலதிகப் பயிற்சியே. பாயிற் படுத்திருப்பவருக்கு மாவு தசை தராது. நெடுந்தூர ஓட்டத்துக்கும் பெரும் பலன் இல்லை.

நம் உடலிலே ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கிரியேற்றினை ஆக்குகின்றன. மீன், இறைச்சி உண்பவருக்கு இன்னொரு கிராம் உணவால் வருகிறது. ஒரு கிலோ பச்சை மீனில் நாலைந்து கிராம் உண்டு. பருப்பிலும் கீரையிலும் இல்லை. பாலில் மிகச் சொற்பம். எனவே சைவரின் தசையில் இருப்புக் குறைவு. 1992 இல் ஹரிஸ், ஹல்ற்மன் முதலானோர் தொடைத் தசையில் சிறு துண்டெடுத்து அளந்தபோது, தொடக்கத்தில் இருப்புக் குறைந்தவர்களிடமே உயர்வு அதிகமாகக் கண்டனர். ஆதலால் இம்மாவினால் மீன் உண்பவரைவிட நம் சைவ இளைஞர் பெறும் பயன் அதிகம் என்று எதிர்பார்க்கலாம்.

அளவு எளிது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம், அதாவது மட்டமாக ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நான்கு வாரத்தில் தசை நிறைந்துவிடும். முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராமை நான்காகப் பிரித்து உண்பாரும் உளர். அதனால் விரைவில் நிறையுமேயன்றி முடிவில் அதிகம் நிறையாது. வயிற்றுப்போக்கும் வரலாம். இளஞ்சூட்டு நீரிற் கலக்கி உடனே குடிக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரிற் கலந்து இரவு முழுதும் வைத்தால், அதன் ஒரு பகுதி கிரியேற்றினினாக மாறிப் பயனற்றுப் போகும்.

இப்பொழுது இரண்டாம் கேள்விக்கு வருவோம். கிரியேற்றின், கிரியேற்றினின் என்ற இரு பெயர்களையும் கவனியுங்கள். தசையிலுள்ள கிரியேற்றினில் நூற்றில் ஒன்றரைப் பங்கு அளவு நாள்தோறும் தானாகவே கிரியேற்றினினாக மாறி, இரத்தம் வழியே சிறுநீரிற் கழிகிறது. பரிசோதனைக்காரர் அந்தக் கழிவை அளந்து, "கழிவு தேங்கினால் வடிகட்டி பழுது" என்று ஊகிக்கிறார். ஆனால் வடிகட்டி சரியாக இருக்க, வந்து சேரும் கழிவே கூடினாலும் எண் உயரும். மாவு உண்பவருக்கு நிகழ்வது இதுதான். முதல் நாள் கடும் பயிற்சி செய்திருந்தால் இன்னும் சற்று உயரும்.

அந்த இளைஞரை மருத்துவர் எப்படிச் சோதித்தார்? சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார்; போகவில்லை. தசையோடு தொடர்பில்லாத சிஸ்ரற்றின்-சி என்னும் பொருளை இரத்தத்தில் அளந்தார். அது சரியாக இருந்தது. மூன்று வாரம் மாவை நிறுத்தி, பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் பயிற்சியையும் நிறுத்தி மறுபடி அளந்தபோது எண் 0.9க்குத் திரும்பிற்று. திரும்பாதிருந்தால், அல்லது சிறுநீரிற் புரதம் கண்டிருந்தால், அது வேறு கதை. உடனே சிகிச்சைக்குப் போக வேண்டியது.

இந்நாட்டில் இப்பயம் வீண் பயமன்று. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து உழவர் பலரைக் காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வாட்டிவருகிறது. அந்நோயில் தொடக்கத்தில் புரதமும் அதிகம் போகாது. ஆதலால் அப்பகுதியிலிருந்து வந்தவரும், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவரும், நீரிழிவு அல்லது இரத்த அழுத்தம் உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவேண்டாம். மற்றவரும் தொடங்குமுன் ஒரு முறை இரத்தம் சோதித்து வைத்தால், பின்பு ஒப்பிட ஓர் எண் இருக்கும். சோதிக்கும்போது மாவு உண்பதை மருத்துவரிடம் மறையாமற் சொல்லுங்கள்.

வேறு இரண்டு கதைகளும் உலவுகின்றன. "உடல் ஊதும்" என்பர். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ நிறை கூடுவது உண்மை. அது பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர், கொழுப்பன்று. "மயிர் கொட்டும்" என்பர். 2009 இல் தென்னாபிரிக்க றக்பி இளைஞரிடம் ஒரு ஹோர்மோன் உயர்ந்ததாக வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கதை அது. அங்கே மயிரை எவரும் அளக்கவில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உண்டு. கிரியேற்றின் விளையாட்டில் தடைசெய்யப்பட்ட பொருளன்று. ஆனால் பல சரக்குகள் கலந்த "பயிற்சிக்கு முன்" பொடிகளில் தடைப்பொருள் இருந்ததுண்டு. 2011 இல் இலங்கை றக்பி வீரர் மூவர் மெதைல்ஹெக்ஸனமீன் என்னும் ஊக்கி உடலிற் காணப்பட்டதால் இரண்டாண்டுத் தடை பெற்றனர். ஆகையால் சுட்டியில் கிரியேற்றின் மொனோஹைட்றேற் என்ற ஒரே பொருள் மட்டும் உள்ளதை, முத்திரை உடையாத நிலையில் வாங்குங்கள். பதினெட்டு வயது நிரம்பாத தம்பிமார் சோறு, பருப்பு, பால், பயிற்சி ஆகியவற்றோடு நின்றுகொள்வதே நன்று.

அந்த இளைஞர் இப்பொழுது 3 கிராம் எடுக்கிறார். அறிக்கை இரண்டும் தாயாரின் அலுமாரியில் இருக்கின்றன. பாட்டியாரும் டப்பாவின் சுட்டியைத் தாமே வாசிக்கச் சொல்லிக் கேட்டபின், மாவை அடுக்களையில் வைக்க இடங்கொடுத்துவிட்டார்.