வெளிநாட்டில் உள்ள உறவினருக்குக் கொடுக்கும் 'பவர்' எதுவரை செல்லும்?

(அரநாயக்கவில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டங்களில் நாம் வழக்கமாகச் சம்பளத்தையும் வேலை நாளையும் பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு கடதாசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சட்டத்தில் அதன் பெயர் அற்றோணித் தத்துவம். நாம் 'பவர்' என்போம். நம் நாட்டில் இதற்கென்று 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தினார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள தம்பிக்கோ தங்கைக்கோ பவர் கொடுப்பது நமக்குப் பழகிய விஷயம். மறுபக்கம்தான் நமக்குக் குழப்பம். லயத்தில் இருக்கும் நாம் வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பவர் கொடுத்து, அங்கே நமக்காக வேலை பார்க்கச் சொல்வதைத்தான் சொல்கிறோம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நம் தோட்டத்துப் பெண் ஒருவர் ரியாத்தில் வீட்டு வேலை செய்யும்போது இறந்துவிடுகிறார். நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. இங்கே கணவர், தாயார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கணவரின் தம்பி தம்மாமில் சாரதி. "அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன், பவர் அனுப்புங்கள்" என்கிறார்.

முதலாவது குழப்பம் இங்கேயே வருகிறது. "அண்ணி போகும்போதே எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தார், அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கொடுத்தவர் இறந்த அன்றே அவர் கொடுத்த பவரும் முடிந்துவிடுகிறது. அந்தச் சம்பளம் இப்போது வாரிசுகளுக்குரியது. வாரிசுகள்தான் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்றில் பெயர் உள்ள ஒவ்வொரு பெரியவரும் கையெழுத்திட வேண்டும். கணவர் மட்டும் கையெழுத்திட்டால் அவருடைய பங்குக்கு மட்டும்தான் தம்பி பேச முடியும்; மாமியாருக்காகப் பேச முடியாது. பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள். அவர்களே பவர் கொடுக்க முடியாது. பாதுகாவலர் மூலம்தான் செய்ய வேண்டும். அவர்கள் பங்கை எப்படி வைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடதாசி போகும் வழி. முதலில் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் குடும்ப விபரத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறோம். பிறகு நொத்தாரிசு முன்னால் சாட்சிகளோடு கையெழுத்து. அதற்குப் பின் அரபு மொழிபெயர்ப்பு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம். பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதற்கு மேல் கொழும்பில் உள்ள சவூதித் தூதரகம். கடைசியாக ரியாத்தில் அவர்களுடைய வெளிவிவகார அமைச்சு. இதில் ஒரு முத்திரை விடுபட்டால் அங்குள்ள தொழில் நீதிமன்றத்தில் அது வெறும் கடதாசிதான்.

முத்திரை எல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் சிங்களத்தில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் இன்னொரு விதம். நம் தோட்டங்களில் பேர் பதிந்த கதை உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசியும் சேர்த்து அனுப்புங்கள்.

இந்தப் பக்கம் பத்திரங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. சிங்களம் வாசிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதற்கு முன், ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. வெற்றுத்தாளில் மட்டும் யாருக்கும் கையெழுத்து வைக்காதீர்கள், அது ஏஜென்சிக்காரராக இருந்தாலும் சரி, சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்தக் கடதாசியில் என்ன எழுதுவது? "எனக்காக எல்லாம் செய்யலாம்" என்று எழுதுவது பொது அற்றோணி. "இந்தச் சம்பளக் கோரிக்கையை மட்டும் செய்யலாம்" என்று எழுதுவது விசேட அற்றோணி. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். கடதாசியில் எழுதாத அதிகாரம் அவருக்கு இல்லை. எழுதிவிட்டாலோ, அவர் போடும் கையெழுத்து நம் கையெழுத்துத்தான்.

கோரிக்கை போடுவது ஒரு அதிகாரம். பணத்தைக் கையில் வாங்குவது வேறு அதிகாரம். குறைத்து வாங்கிக்கொண்டு வழக்கை முடிப்பது மூன்றாவது அதிகாரம். சவூதியில் வழக்கை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதனால் ஏஜென்சிகள் கொடுக்கும் மாதிரிப் படிவத்தில் அந்தச் சொல்லும் சேர்ந்தே வந்துவிடும். நமது உதாரணத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். எஜமான் தம்பியிடம், "இரண்டு மாதச் சம்பளம் தருகிறேன், எல்லாம் கிடைத்தது என்று எழுதிக் கொடு" என்கிறார். தம்பிக்கு நாளைக்கு வண்டி ஓட்டப் போக வேண்டும், லீவு இல்லை. எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவர் திருடவில்லை. ஆனால் மற்ற இரண்டு மாதச் சம்பளமும் போய்விட்டது. வேலை முடிவில் வர வேண்டிய கொடுப்பனவு இருந்தால் அதுவும் போய்விட்டது. விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அந்தக் கடதாசியில் இல்லாமல் இருந்திருந்தால், "என் பவர் அதற்குச் செல்லாது" என்று தம்பியே தப்பித்திருப்பார்.

ஆகவே நாம் எழுதச் சொல்வது இது: கோரிக்கை போடலாம், வழக்கில் தோன்றலாம், ஆவணங்களைப் பெறலாம். தொகையைக் குறைக்கவோ கைவிடவோ வேண்டுமானால் எங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். பணம் இலங்கைத் தூதரகம் வழியாக வாரிசுகளுக்கு வர வேண்டும்.

இன்னொரு எல்லையைச் சொல்ல, நாம் எல்லாரும் செய்தியில் கேட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். கேரளத்துத் தாதி நிமிஷா பிரியாவுக்கு யேமனில் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொச்சியில் வீட்டு வேலை செய்யும் அவருடைய தாயார், யேமனில் இருந்த சமூக சேவகர் சாமுவேல் ஜெரோமுக்குப் பவர் கொடுத்தார். அவர் உறவினர் அல்ல, நம்பிக்கைக்குரியவர். அந்தத் தாளை வைத்து அவர் பேச்சுவார்த்தை நடத்தினார். 2025 ஜூலை 16இல் நிறைவேற்ற இருந்த தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் அங்குள்ள சட்டப்படி மன்னிப்பது இறந்தவரின் குடும்பத்தின் உரிமை. தாயாருக்கே இல்லாத அந்த உரிமையைத் தாயாரின் பவர் யாருக்கும் கொடுக்க முடியாது. 2024இல் மகளைச் சிறையில் பார்க்கத் தாயாரே சனா போக வேண்டியிருந்தது.

நம்மிடம் எவ்வளவு உரிமை இருக்கிறதோ அவ்வளவுதான் கையிலிருந்து போகும். நம் தம்பி வாரிசு ஆகிவிட மாட்டார். வாங்கிய பணம் அவருடையது ஆகாது, கணக்குக் காட்ட வேண்டும். நமக்குப் பதிலாக மரணசாசனம் எழுத முடியாது. எழுதியிருந்தாலன்றி அந்தப் பவரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

நம்பிக்கை போய்விட்டால் ரத்துச் செய்யலாம். ஆனால் வீட்டில் உள்ள பிரதியைக் கிழித்துப்போட்டால் ரத்து ஆகாது. முத்திரை குத்திய அசல் அங்கே அவர் கையில் இருக்கிறது. நொத்தாரிசு மூலம் ரத்துப் பத்திரம் எழுதி, அவருக்கும் ரியாத்தில் உள்ள நமது தூதரகத்துக்கும் வழக்கு இருக்கும் இடத்துக்கும் அறிவிக்க வேண்டும். இங்கே பதிவு செய்திருந்தால் ரத்தையும் பதிய வேண்டும். அறிவித்தல் போய்ச் சேர்வதற்கு முன் அவர் போட்ட கையெழுத்தை மாற்றுவது கஷ்டம். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

ஒன்று மறக்க வேண்டாம். இறந்தவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவராக இருந்தால், அந்தக் காப்புறுதியை இங்கேயே குடும்பம் நேரடியாகக் கேட்கலாம். அதற்குத் தம்மாமில் உள்ள தம்பி தேவையில்லை. கடவுச்சீட்டுப் பிரதியும் பணியகப் பதிவுத் துண்டும் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். கோரிக்கையை எழுதுவதற்கு நாங்கள் உட்கார்ந்திருப்போம்.