விடியலா, இரவா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

"அஞ்சு மணிக்கு எழுந்து படி" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சொன்ன சொல் அது. சென்னையில் கடிகாரமும் சூரியனும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கின்றன. இங்கே அப்படியில்லை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. இன்று கேமரன் மலையில் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒண்ணேகால் மணி முந்தி ஓடுகிறது. சென்னையின் ஐந்து மணி வேளை நமக்கு ஆறு மணிக்கு மேல்தான் வருகிறது. நம் ஐந்து மணியோ சூரியக் கணக்கில் மூன்றே முக்கால்! லெம்பா பெர்த்தாம் குளிரில் அந்நேரம் பிள்ளை தூங்கி வழிந்தால் சோம்பேறி என்று ஏசலாமா?

ஒரு லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். அம்மா பெரட்டுக்குப் போக நாலரைக்கே அடுப்படியில் சட்டிபானை உருட்டுகிறார். இரவு பத்து வரை தொலைக்காட்சி. தம்பி ஐந்தாம் ஆண்டு, அக்கா நாலாம் படிவம்.

பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்; பதின்மூன்றுக்கு மேல் 8. தம்பி சத்தத்தில் எப்படியும் ஐந்துக்கு விழித்துக்கொள்கிறான். அவனுக்கு விடியல் படிப்பு ஒத்துவரும். ஆனால் இரவு எட்டுக்கே படுக்க வேண்டும். தொலைக்காட்சி முடிந்து பத்துக்குப் படுத்தால் தூக்கம் 7 மணி நேரம்தான்.

அக்கா கதை வேறு. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. இது பிடிவாதம் அல்ல. அவளுக்கு இரவுதான் தெளிவு. பேருந்துக்காக ஆறுக்கு எழ வேண்டுமானால் பத்துக்குப் படுக்க வேண்டும். ஆகவே அவளுடைய இரவுப் படிப்பு எட்டிலிருந்து ஒன்பதே முக்கால் வரை, நள்ளிரவு வரை அல்ல. அந்த நேரம் தொலைக்காட்சியை நிறுத்துவது அப்பாவின் வேலை. (சீரியல் பார்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம்!)

யார் எந்த வகை என்று எப்படி அறிவது? பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அலாரம் வைக்காமல், தூங்கிய நேரமும் எழுந்த நேரமும் நாட்காட்டியில் குறியுங்கள். முதல் இரண்டு மூன்று நாளை விட்டுவிடுங்கள். அது பழைய தூக்கக் கடன். மீதி நாட்கள் உண்மையைச் சொல்லும். பிறகு ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் இரவில், ஒரே பாடத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை எழுதச் சொல்லுங்கள். எந்த வாரத்துத் தாள் நிறைகிறது என்று பாருங்கள்.

பள்ளி நடக்கும் நாட்களில், ஞாயிறன்று மட்டும் ஒன்பது மணி வரை தூங்கினால் வார நாட்களில் தூக்கம் போதவில்லை என்று பொருள்.

தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் நாம், இதையும் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கவென்று இரவு குடிக்கும் கெட்டித் தேநீர் படுக்கும்போதும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். மாலை ஐந்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.