ஒரு யுரேனியம் அணு பிளந்தால்: 200 எங்கே போகுது?

போன பகுதியைக் கேட்ட ஒரு நண்பர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஒரு யுரேனியம் அணு பிளந்தா 200 எம்.ஈ.வி. ஆற்றல் வருதுன்னு எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு. அது முழுக்க வெப்பமா மாறிடுதா?" சின்னக் கேள்விதான். ஆனா பதில் சொல்ல ஒரே ஒரு அணுவைப் பிடிச்சு, அது கடைசி வரைக்கும் எங்கெல்லாம் செலவழிக்குதுன்னு பார்க்கணும்.

எம்.ஈ.வி. என்றால் மெகா எலக்ட்ரான் வோல்ட். அணுக்கரு உலகத்தில் அதுதான் ரூபாய் மாதிரி. நிலக்கரி எரியும்போது ஒரு கார்பன் அணு தருவது சுமார் நாலு எலக்ட்ரான் வோல்ட். இங்கே 200 மில்லியன். ஒப்பீடு அவ்வளவு போதும்.

யுரேனியம்-235 ஒரு மெதுவான நியூட்ரானை விழுங்குது. உடனே யுரேனியம்-236 ஆகி, நடுங்கி, இரண்டா உடையுது. எப்படி உடையும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கான வழிகள் இருக்கு. பாடப்புத்தகங்கள் விரும்பும் ஒரு வழியையே நானும் எடுத்துக்கிறேன்: பேரியம்-141, கிரிப்டான்-92, கூடவே மூணு நியூட்ரான். கூட்டிப் பாருங்க, 236 சரியா வரும்.

உடைந்த கணத்தில் இந்த இரண்டு துண்டுகளும் ஒன்றை ஒன்று தொட்டபடி நிற்குது. ஒன்றில் 56 புரோட்டான், இன்னொன்றில் 36. எல்லாமே நேர்மின்சுமை. இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் விலக்கு விசை எப்படி இருக்கும்? இரண்டும் எதிரெதிர்த் திசையில் தெறிச்சு ஓடுது. பிளவு ஆற்றல்னு நாம சொல்றதுல மிகப் பெரிய பங்கு இந்த மின் விலக்கல்தான். சராசரியா 169 எம்.ஈ.வி. துண்டுகளின் ஓட்டத்தில் போகுது. உந்தம் சமமா இருக்கணும் என்பதால் லேசான துண்டு வேகமா ஓடும், ஆற்றலிலும் பெரிய பங்கு அதுக்குத்தான். வினாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகம்.

ஆனால் ஓட்டம் ரொம்ப தூரம் போகாது. எரிபொருள் வில்லைக்குள்ளேயே, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்துக்குள், வழியிலிருக்கும் எலக்ட்ரான்களையும் அணுக்களையும் இடிச்சு இடிச்சு நின்னுடும். அந்த இடிதான் வெப்பம். அதனால்தான் அணு உலையில் சூடு பிறக்கும் இடம் வில்லையோட உடம்பு. தண்ணீர் அதை வாங்கிக்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்.

நியூட்ரான்கள் சேர்ந்து சுமார் 5 எம்.ஈ.வி. எடுத்துக்குது, உடனே வரும் காமாக் கதிர்கள் 7. இவை கொஞ்ச தூரம் போய், உலைக்குள்ளேயே நின்று சூடாகுது. இதுவரைக்கும் எதுவும் தொலையலை. 181 ஆச்சு. மீதி 21 எங்கே?

மீதி துண்டுகளுக்குள்ளேயே பூட்டி இருக்கு. யுரேனியத்தில் நியூட்ரான் விகிதம் அதிகம், நடுத்தர எடை அணுக்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் துண்டுகள் நியூட்ரானைப் புரோட்டானா மாத்திக்கிட்டே வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் எலக்ட்ரான் வெளியே வரும், கூடவே ஓர் எதிர் நியூட்ரினோ. இதைத்தான் பீட்டா சிதைவு என்கிறோம்.

நம்ம கிரிப்டான்-92-ஐப் பாருங்க. இரண்டு வினாடி அரை ஆயுளில் ருபீடியம் ஆகுது. அது நாலரை வினாடியில் ஸ்ட்ரோன்சியம். பிறகு இரண்டரை மணிக்குச் சற்று மேல், இட்ரியம். மூன்றரை மணி, சிர்கோனியம், அங்கே நிம்மதி. பேரியம் பக்கம் இன்னும் மெதுவு: 18 நிமிடத்தில் லாந்தனம், நாலு மணியில் சீரியம், சீரியத்துக்கு 32 நாள், பிறகு பிரசியோடிமியம். நாலும் மூணும் ஏழு. இந்த ஒரு பிளவில் ஏழு எதிர் நியூட்ரினோ. எல்லாப் பிளவுகளுக்கும் சராசரி சுமார் ஆறு.

அதில் அந்த ருபீடியம்-92 கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆள். அதன் சிதைவில் கிடைப்பது 8 எம்.ஈ.வி.; பெரும்பாலும் காமாக் கதிரே இல்லாம, எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் மட்டும் அதைப் பங்கு போட்டுக்குது. எந்தப் பங்கு யாருக்கு என்பது ஒவ்வொரு முறையும் மாறும். எலக்ட்ரானின் பங்கு வில்லைக்குள்ளேயே வெப்பமாயிடும். மற்றது வில்லை, கலன், கான்கிரீட் சுவர், பூமி எல்லாத்தையும் ஊடுருவிப் போயிடும். இந்த ஆற்றலுள்ள நியூட்ரினோவை நிறுத்த ஈயச் சுவர் கட்டணும்னா அதோட தடிமனை ஒளியாண்டில் சொல்லணும்.

சராசரிக் கணக்கில் தாமதமா வரும் எலக்ட்ரான்களுக்கு 6.5, காமாக் கதிர்களுக்கு 6.3, எதிர் நியூட்ரினோக்களுக்கு 8.8. இந்த 8.8-தான் வெப்பமாகாமல் போவது, மொத்தத்தில் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்.

அப்போ 200-க்குப் பதிலா 194-னு சொல்லலாமே? இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரு பிளவுக்குச் சராசரியா 2.4 நியூட்ரான் வருது. ஒன்று அடுத்த பிளவுக்கு. மீதி 1.4 யுரேனியம்-238-லோ இரும்பிலோ தண்ணீரிலோ பிடிபடும். பிடிபடும்போது சில எம்.ஈ.வி. காமாவா வெளியே வரும். அது பிளவின் ஆற்றலே இல்லை, ஆனா உலைக்குள் சேரும் வெப்பம்தான். அதன் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட 9. நியூட்ரினோ கொண்டுபோனதை வேறொருவர் வந்து போட்டுட்டுப் போன மாதிரி. அதனால்தான் பொறியாளர்கள் கவலையில்லாம 200-னே எழுதுறாங்க. இது இயற்கை விதி கிடையாது, தற்செயல் பொருத்தம். உலையில் வைக்கும் பொருட்களை மாத்தினால் இந்த எண்ணும் மாறும்.

இப்போ ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும். கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட், மின்சாரம் 1000. அந்த 2000 நியூட்ரினோவில் போனதில்லை. அது சுழலிக்குப் பிறகு கடல்நீரில் கலக்கும் வெப்பம். 3000 என்பதே நியூட்ரினோ போன பிறகு மிஞ்சிய கணக்கு. உலையின் திறனை எவ்வளவு நீர் ஓடுது, எவ்வளவு சூடேறுது என்று அளக்கிறாங்க. நியூட்ரினோ அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அவை தனியா சுமார் 130 மெகாவாட்டைச் சுமந்துகிட்டுப் போயிட்டிருக்கு.

தாமத வெப்பத்துக்கு இன்னொரு முகம் இருக்கு. உலையை நிறுத்தினால் பிளவு நின்னுடும், நியூட்ரான் கருவியின் முள் சடார்னு இறங்கும். ஆனால் லாந்தனமும் சீரியமும் நம்ம கட்டளைக்குக் காத்திருக்காது. ரொம்ப நாள் ஓடிய உலையில், நிறுத்திய கணத்தில் வெப்பம் சுமார் ஆறரை சதவீதம்: 3000-க்கு ஏறத்தாழ 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை சதவீதம், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், அதாவது 15 மெகாவாட். 2011-ல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தின்போது ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சரியாகவே நின்றன. சுனாமிக்குப் பின் குளிர்விக்க மின்சாரம் இல்லை. எரிபொருளை உருக்கியது இந்த வால் வெப்பம்தான்.

சரி, தப்பிப் போகும் அந்த 8.8 உண்மையா இருக்குன்னு எப்படித் தெரியும்? 1930-ல் பாலி கணக்கு இடிக்குதேன்னு இப்படி ஒரு துகளை ஊகிச்சார். 1956-ல் ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவின் சவானா ரிவர் உலை அருகே, காட்மியம் உப்பு கரைத்த தண்ணீர்த் தொட்டிகளை வைத்தாங்க. எதிர் நியூட்ரினோ ஒரு புரோட்டானில் மோதினால் ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே மினுக்கும். நியூட்ரான் சில மைக்ரோவினாடி அலைந்து காட்மியத்தில் மாட்டி இரண்டாவதா மினுக்கும். இரண்டும் அந்த வரிசையில் வந்தால் மட்டும் கணக்கில் சேர்த்தாங்க. மோதலுக்குக் குறைந்தது 1.8 எம்.ஈ.வி. வேணும், அதனால் உலையிலிருந்து வருவதில் பெரும்பகுதி இதுக்கு உதவாது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வினாடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் கடந்து போனதில், அவங்களுக்குக் கிடைத்தது மணிக்குச் சுமார் மூன்று. உலையை நிறுத்தினபோது அதுவும் குறைந்தது.