கடைசி பஸ்ஸிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

அவைத்தலைவர் அவர்களே, சான்றோர் பெருமக்களே என்று வரிசையாக நீட்டலாம்தான். ஆனால் அறிவிப்பாளர் பேசும் வீண்பேச்சைக் குறைக்கச் சொல்லி வந்தவன், முதல் நிமிடத்தையே வீணாக்கினால் முன்வரிசைப் பொடியள் என்னைச் சும்மா விடமாட்டாங்கள்.

நிறுவனத்தில் நீண்டகாலம் வேலை செய்தவர்களுக்கு விருது கொடுக்கும் மாலை ஒன்றை நடத்த, அறிவிப்பாளர் பிரதி எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது இதைக் கேட்க ஒரு காரணம் உண்டு. போருக்குப் பிறகு கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் முதல் தொகுதியாகச் சேர்ந்த பிள்ளைகள் பத்து வருசத்தைத் தாண்டிவிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே கூட்டுறவுச் சங்கம், நெல் ஆலை, களஞ்சியம் என்று கிடந்து உழைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆக, இந்த விழாக்கள் இனிக் கூடத்தான் போகின்றன.

பிரதியை எங்கே தொடங்குவது? விளக்கேற்றலில் இல்லை. கடைசி பஸ்ஸில் தொடங்குங்கள். (கைதட்டல்) கைதட்டாதீங்கோ, கணக்கு இப்பதான் வருகுது.

ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் ஆலை, களஞ்சியம், எரிபொருள் நிலையம் எல்லாம் உண்டு. விருது பெறுபவர்கள் 48 பேர். பத்து வருசக்காரர் 30, இருபது வருசக்காரர் 12, முப்பது வருசக்காரர் 6. முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஆறே முக்காலுக்கு மண்டப வாசலில் நிற்கவேணும். விழா ஐந்து மணிக்கு. கையில் இருப்பது 105 நிமிடம். சாப்பாட்டுக்கு 25 போனால் மிச்சம் 80. விளக்கு, கீதம் எல்லாம் 10. முகாமையாளர் வரவேற்பு 5. பிரதம விருந்தினர் 10. ஒரு நடனம், ஒரு பாட்டு 10. நன்றியுரை 3. அங்கே 38 போய்விட்டது. விருதுக்கு 42 நிமிடம்.

அந்த 42 நிமிடத்தில் 48 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் ஓட்டப்போட்டிதான். அதனால் பத்து வருசக்காரரைப் பிரிவு பிரிவாக ஐந்தைந்து பேராகக் கூப்பிடுங்கள். ஆறு தடவை, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம், மொத்தம் 15. இருபது வருசக்காரர் தனித்தனியாக, ஆளுக்கு ஒரு நிமிடம், 12. முப்பது வருசக்காரருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம், 12. மொத்தம் 39. மூன்று நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று சந்தோசப்படாதீங்கோ, அது மைக் ஒருக்கா கூவுவதற்கும், கரண்ட் ஒருக்கா போவதற்கும்.

மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் போகும். ஒரு நிமிடக்காரருக்கு முப்பது சொல் எழுதினால் இருபது செக்கன். மிச்ச நாற்பது செக்கன் அந்த மனிசன் எழும்பி, படியேறி, வாங்கி, படத்துக்கு நிற்க. ஒருவர் படத்துக்கு நிற்கும்போதே அடுத்தவர் படியடியில் நிற்கவேணும். அவரைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமோ? பேர் கூப்பிட்டாச்சு, ஆள் கடைசி வரிசையில் செருப்புத் தேடிக்கொண்டு இருப்பார். அறிவிப்பாளர் அந்த இடைவெளியை நிரப்ப, "அயராத உழைப்பாளி, தன்னலமற்ற சேவையாளர்" என்று அளக்கத் தொடங்குவார். தேய்ந்த வசனம் எல்லாம் வருவது இந்த இடைவெளியில்தான். படியடியில் ஒரு ஆளை நிறுத்துங்கள், பாதி வசனம் தானாக ஒழியும்.

இலங்கை வானொலியில் மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாட்டு எந்தச் செக்கனில் முடியும், செய்தி எந்தச் செக்கனில் தொடங்கும் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பேசினார்கள். இப்ப சிலர் இருக்கினம், பேர் சொல்ல மாட்டன். (சிரிப்பு) சொல்லாமலே சிரிக்கிறீங்கள்! கலியாண வீட்டுக்கும் அதே பிரதி, பூப்புனித நீராட்டு விழாவுக்கும் அதே பிரதி, பரிசளிப்புக்கும் அதே பிரதி. பேரை மட்டும் மாற்றுவார். ஒருநாள் பேரை மாற்ற மறந்து, ஓய்வுபெறும் காவலாளியை "மணமக்கள்" என்றாராம். எனக்கு ஒருவர் சொன்னது, உண்மையோ பொய்யோ தெரியாது, ஆனால் ஆளைத் தெரிந்தவர்கள் எல்லாம் நம்பினார்கள்.

சரி, காவலாளி என்றதும் என் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டன். ஒரு விழா. எந்த இடம் என்று கேட்காதீங்கோ. விருந்தினருக்குப் பொன்னாடை, அவருக்குப் பக்கத்திலிருந்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடை கொண்டுவந்தவருக்கும் ஒரு பொன்னாடை. கடைசியில் முப்பது வருசம் கேற்றடியில் நின்ற மனிசனின் பேரை, "நேரமின்மை காரணமாக" என்று சொல்லி, பட்டியலில் ஐந்தாவது பேராக ஒரே மூச்சில் வாசித்தார்கள். மனிசி சீலை உடுத்து, பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. நேரம் இல்லையாம்! பொன்னாடைக்கு நேரம் எங்கேயிருந்து வந்தது? (கைதட்டல்)

இனி உள்ளடக்கத்துக்கு வாறன். ஒவ்வொருவருக்கும் எழுதின வசனத்தை எடுத்து அடுத்த ஆளின் பேருக்குக் கீழே வையுங்கள். அவருக்கும் பொருந்தினால் வெட்டுங்கள். "நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் தோள்கொடுத்தவர்" யாருக்கும் பொருந்தும், போகட்டும். இப்ப இதைக் கேளுங்கள்: "நெல் ஒரு மணியைப் பல்லில் கடித்து ஈரம் சொல்லுவார். பதினான்கு வீதத்துக்கு மேலே என்றால் மூட்டை திரும்பும். ஈரம் பார்க்கும் மெசின் வந்த பிறகும் பொடியள் முதலில் அவரிட்டைத்தான் கொண்டுபோவினம்." இது ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும். சபையில் பின்வரிசையே சிரிக்கும், ஏனென்றால் அவர்கள் கண்டது.

இது முகாமைப் பிரிவின் கோவையில் கிடைக்காது. அவரோடு வேலை செய்தவர் இருவரிடம் கேளுங்கள்: "இவர் லீவில் நின்றால் எந்த வேலை நிற்கும்?" மறுமொழியில் வசனம் இருக்கும். எழுதினதை விழாவுக்கு முன்னம் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பேரையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். கோவையில் தகப்பன் பேரின் முதலெழுத்து இருக்கும், ஒரு அக்காவுக்குப் புருசன் பேரோடு கூப்பிட விருப்பமாக இருக்கும்.

ஆனால் வன்னியில் பெரிய சிக்கல் வருசம்தான். வேறெங்கும் சேர்ந்த வருசத்தைக் கழித்தால் கணக்கு முடிந்தது. இங்கே முடியாது. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று போனோம். 2008இல் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. பிறகு செட்டிகுளம் மெனிக்பாம். ஒரு அக்காவை எடுங்கள். 1992இல் சேர்ந்தா. 2008இல் வேலை நின்றது. 2010இல் திரும்பி வந்தா. 2025இல் விருது. அவவைக் கேட்டால் 33 வருசம். இடையில் நின்ற இரண்டைக் கழித்தால் 31. அலுவலகத்துக் கோவை 2010இல் புதிதாகத் திறந்தது என்றால் 15. முப்பது வருசப் பட்டியலா, பத்து வருசப் பட்டியலா?

அறிவிப்பாளர் இதில் நீதவான் ஆகக்கூடாது. விருதை எந்தக் கணக்கில் கொடுப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம். ஆனால் 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் வேறு. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருசம் முடித்த மாதச்சம்பளக்காரருக்கு வருசத்துக்கு அரைமாதச் சம்பளம். அந்த அக்காவுக்கு ஒவ்வொரு வருசமும் காசு. நீங்கள் மேடையில் 33 என்று முழங்கி, கடிதத்தில் 15 என்று வந்தால், கைதட்டிய சபை அவவுக்குப் பணம் தராது. 15 என்று வாசித்தாலோ, மூன்று இடம்பெயர்வை நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

அதனால் இரண்டு வேலை. ஒன்று, விழாவுக்கு ஒரு மாதம் முன்னமே நிறுவனத்திடம் கேளுங்கள்: இடம்பெயர்ந்த காலத்தைச் சேர்க்கிறீர்களா, இல்லையா? எழுத்தில் தரச் சொல்லுங்கள். இரண்டு, மேடையில் மொத்தத்தைச் சொல்லாதீர்கள். "1992இல் களஞ்சியத்தில் சேர்ந்தவர், இன்றும் களஞ்சியத் திறப்பு அவரிடம்தான்" என்று சொல்லுங்கள். சேர்ந்த வருசத்தை எவரும் மறுக்கமுடியாது. சபை தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளும், வன்னிச் சனத்துக்குக் கணக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இடையில் நடந்ததை அவர் சம்மதித்தால் ஒரு வசனம், சம்மதிக்காவிட்டால் அதுவும் இல்லை. சோக இசை வேண்டாம். முன்வரிசையில் பிள்ளையைத் தொலைத்த தாய் இருப்பா.

சேர்ந்த வருசத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு ஆளைச் சொல்லவேணும். பேர் சொல்ல மாட்டன், சொன்னால் கோபிப்பா. ஒரு சங்கத்தில் கணக்கெழுதினவா. இடம்பெயரும்போது சனம் பாத்திரம், பாய், சைக்கிள் என்று எடுத்தது. அவ ஊழியர் பதிவேட்டைப் பொலித்தீனில் சுற்றி, பிள்ளையின் உடுப்புப் பையின் அடியில் வைத்தா. ஓரம் நனைந்து மை ஊறின அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பிறகு பலபேர் தங்கள் சேர்ந்த திகதியைக் காட்டினார்கள். அவவுக்கு ஒரு விழாவிலும் எவரும் விருது கொடுக்கவில்லை. பட்டியல் எழுதுகிறவரின் பேர் பட்டியலில் வராதல்லவா! (கைதட்டல்)

இன்னும் ஒன்றிரண்டு. பிரதியைத் தனித்தனி மட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், இலக்கம் போடுங்கள், ஒருவர் வராவிட்டால் அவரின் மட்டையை உருவிவிடலாம். காலமானவருக்காக யார் வாங்குகிறார் என்று முதல்நாளே உறுதிசெய்யுங்கள். நேரம் பிந்தினால் எதை வெட்டுவது என்றும் முதல்நாளே எழுதி, ஏற்பாட்டாளரின் கையொப்பம் வாங்குங்கள். முதலில் நடனம், அடுத்து விருந்தினர் உரையில் ஐந்து நிமிடம், அடுத்துப் பொன்னாடை. விருது பெறுகிறவரின் பேர் அந்தப் பட்டியலில் வரவே கூடாது.

இங்கே மைக் பிடிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறன். அடுத்த விழாவுக்கு உங்களைக் கூப்பிட்டால், கட்டணம் பேசமுதல் நிறுவனத்திடம் ஊழியர் பதிவேட்டைக் கேளுங்கள். அதை எழுதி, காத்து வைத்த ஆள் இன்னும் இருந்தால், முதல் மட்டையில் அவரின் பேரை எழுதுங்கள்.